ரோலா, பண்பா? மதுரைக் கிளையின் ஒரு பில்லை வைத்துப் பார்ப்போம்

கோவையில் தலைமை அலுவலகமும் மதுரையிலும் திருச்சியிலும் கிளைகளும் உள்ள ஒரு பம்ப் விற்பனை நிறுவனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோவையிலும் ஒரு விற்பனைக் கிளை இருப்பதால் கிளைகள் மொத்தம் மூன்று. வேலை பார்ப்பவர்கள் இருபத்தைந்து பேர். டீச் செலவு முதல் லாரி வாடகை வரை எல்லாச் செலவு பில்களும் ஒரே மென்பொருளில் பதிவாகின்றன. ஒருவர் பதிகிறார், ஒருவர் அப்ரூவ் செய்கிறார், ஒருவர் பணம் அனுப்புகிறார். யார் எதைச் செய்யலாம் என்று அந்த மென்பொருளுக்குச் சொல்லிவைப்பதுதான் அணுகல் கட்டுப்பாடு. அதைச் சொல்ல இரண்டு வழிகள் உண்டு. எதைத் தேர்வது என்பதை இந்த அலுவலகத்தின் பில்லே காட்டிக்கொடுக்கும்.

முதல் வழி ரோல் அடிப்படையிலானது. ஆட்களுக்கு நேரடியாக அனுமதி கொடுப்பதில்லை. 'பதிவாளர்', 'மேலாளர்', 'கணக்காளர்' என்று மூன்று ரோல்களை உருவாக்கி, அனுமதிகளை அவற்றுக்குக் கொடுக்கிறோம். பிறகு ஆட்களை அந்த ரோல்களில் சேர்க்கிறோம். புதிதாக ஒருவர் வேலைக்கு வந்தால் பதிவாளர் ரோலில் சேர்த்தால் போதும். வேலையை விட்டுப் போனால் எடுத்துவிடலாம். அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்டில் இருந்த டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் குனும் 1992-ல் எழுதிய கட்டுரை இந்த முறைக்கு முறையான வடிவம் தந்தது. 2004-ல் அது அந்நாட்டின் தரநிலையாகவும் ஆனது. இன்று நீங்கள் வாங்கும் அலுவலக மென்பொருள் பெரும்பாலும் இந்த வழியில்தான் இயங்கும்.

இரண்டாவது வழி பண்பு அடிப்படையிலானது. இதில் அனுமதி யாரிடமும் முன்கூட்டியே ஒட்டிவைக்கப்படுவதில்லை. ஒவ்வொரு முறை ஒருவர் பொத்தானை அழுத்தும்போதும் மென்பொருள் சில விவரங்களைப் பார்க்கிறது. அழுத்தியவர் எந்தக் கிளை, பில் எந்தக் கிளைக்குரியது, தொகை எவ்வளவு, பதிந்தவர் யார் என்ற இந்த விவரங்கள்தான் பண்புகள். அவற்றை ஒரு விதியோடு ஒப்பிட்டு, அந்தக் கணத்தில் ஆம் அல்லது இல்லை என்கிறது. இந்த முறைக்கு நிஸ்ட் 2014-ல் ஒரு தனி வழிகாட்டி வெளியிட்டது.

மூன்று ரோல்களோடு நம் அலுவலகம் சில மாதங்கள் நிம்மதியாக ஓடும். பிறகு ஒரு நாள் மதுரை மேலாளர் திருச்சியின் பில் ஒன்றைத் தவறுதலாக அப்ரூவ் செய்துவிடுகிறார். மென்பொருளைக் குறைசொல்ல முடியாது. அவர் மேலாளர், மேலாளர் அப்ரூவ் செய்யலாம், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். உடனே முதலாளி ஒரு விதி போடுகிறார்: மேலாளர் தன் கிளையின் பில்லை மட்டுமே தொடலாம், பதிவாளரும் அப்படியே.

இதை ரோலில் சொல்ல ஒரே வழி, ரோலைப் பிளப்பது. மதுரை மேலாளர், திருச்சி மேலாளர், கோவை மேலாளர் என மூன்று, பதிவாளர்களும் அப்படி மூன்று, கணக்காளர் ஒன்று. ஆக ஏழு. அடுத்த மாதம், ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பில்லை அந்தந்தக் கிளையின் முதுநிலை மேலாளர்தான் பார்க்க வேண்டும் என்று இன்னொரு விதி வருகிறது. இன்னும் மூன்று சேர்ந்து பத்தாகிறது. நான்காவதாகச் சேலத்தில் கிளை திறந்தால் பதின்மூன்று. ஆட்களோ முப்பதுகூட இல்லை. இந்தத் துறையில் இதை ரோல் பெருக்கம் என்பார்கள். எண்ணிக்கையைவிட எனக்குக் கவலை தருவது அதன் பக்கவிளைவு. மதுரை மேலாளருக்குத் திருச்சிக்கு மாற்றல் வருகிறது என்று வையுங்கள். திருச்சி ரோல் இல்லாமல் அவரால் வேலை செய்ய முடியாது, அதனால் முதல் நாளே போன் செய்து கேட்டு வாங்கிவிடுவார். மதுரை ரோலை எடுத்துவிடுங்கள் என்று எவரும் போன் செய்யப்போவதில்லை. ஐந்து மாற்றல்களுக்குப் பிறகு எல்லாக் கிளைகளின் சாவியும் ஒரே ஆளிடம் இருக்கும். யாரும் தவறு செய்யாமலே இது நடந்துவிடும்.

அதற்கும் அடுத்து வரும் விதியில்தான் ரோல் முழுதாகக் கைவிரிக்கிறது. தான் பதிந்த பில்லைத் தானே அப்ரூவ் செய்யக் கூடாது என்பது அந்த விதி. ஒரே ஆளுக்குப் பதிவாளர், மேலாளர் இரண்டையும் தராதே என்று ரோல் முறையில் கட்டுப்பாடு போடலாம், தரநிலையிலேயே அதற்கு இடம் உண்டு. ஆனால் திருச்சிக் கிளையில் ஆறு பேர்தான். பதிவாளர் விடுப்பில் போனால் மேலாளரே உட்கார்ந்து பதிய வேண்டும், மற்றவர்கள் பதிந்த பில்களை அன்றைக்கே அப்ரூவும் செய்ய வேண்டும். அவர் யார் என்பது இங்கே கேள்வியே இல்லை. இந்தக் குறிப்பிட்ட பில்லுக்கும் அவருக்கும் என்ன உறவு என்பதுதான் கேள்வி. எத்தனை ரோல் உருவாக்கினாலும் அதற்கு விடை கிடைக்காது.

ஆகவே தேர்வு செய்ய உட்காரும்போது மென்பொருளைத் திறக்காதீர்கள். ஒரு தாளில் உங்கள் அலுவலக விதிகளைச் சாதாரணத் தமிழ் வாக்கியங்களாக எழுதுங்கள். எழுதியபின் 'தன்', 'தான்' என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று தேடுங்கள். "கணக்காளர் சம்பளப் பட்டியலைப் பார்க்கலாம்" என்ற வாக்கியத்தில் அவை இல்லை. அதற்கு ரோல் போதும். "மேலாளர் தன் கிளையின் பில்லை" என்றதும் ஆளையும் பொருளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டியிருக்கிறது. அது பண்பின் வேலை. 'வரை', 'மேல்' என்ற சொற்களும் இப்படித்தான், அவை தொகையையோ நேரத்தையோ பார்க்கச் சொல்கின்றன. 'தன்' ஒரே ஒரு வாக்கியத்தில் வந்து, கிளையும் இரண்டே இரண்டு என்றால், ரோலைப் பிளந்துவிட்டுப் போகலாம். அதில் தவறில்லை. மூன்று நான்கு வாக்கியங்களில் வந்தால் பண்புக்கு மாறுங்கள்.

நம் அலுவலகத்தின் விதி இப்போது இப்படி ஆகிறது:

```
allow approve if
  user.role == "manager"
  and user.branch == bill.branch
  and bill.amount <= 50000
  and user.id != bill.created_by
```

மதுரை மேலாளர் 38,000 ரூபாய் லாரி வாடகை பில்லைத் திறக்கிறார். பதிந்தவர் வேறொருவர். நான்கு நிபந்தனை வரிகளும் பொருந்துகின்றன, அனுமதி. அதே பில் 62,000 என்றால் மூன்றாம் வரியில் நிற்கும். முதுநிலை மேலாளருக்கென்று இதே போன்ற ஒரு விதியை எழுதிவிட வேண்டும். சேலம் கிளை திறந்தால் விதியில் ஓர் எழுத்தும் மாறாது. புதிய ஊழியர்களின் கிளை என்ற இடத்தில் சேலம் என்று பதிந்தால் போதும். மாற்றலுக்கும் அதுதான்: ஒரு புலத்தை மாற்றினால் புதிய கிளை திறக்கிறது, பழையது தானே மூடிக்கொள்கிறது.

முதல் வரியைக் கவனியுங்கள், ரோல் அங்கேயே இருக்கிறது. ரோலும் ஒரு பண்புதான். இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி விவாதிப்பதைவிட, ரோல் வாசலைக் காக்கட்டும், பண்பு உள்ளே எவ்வளவு தூரம் என்று அளக்கட்டும் என்று வைத்துக்கொள்வதே நடைமுறையில் நிற்கிறது. ரிச்சர்ட் குன் தாமே 2010-ல் வேறு இருவரோடு சேர்ந்து, ரோலோடு பண்புகளைச் சேர்ப்பது பற்றி எழுதினார்.

இந்த வசதிக்கு விலை உண்டு. பண்பு முறையில் பூட்டு விதியில் இல்லை, தகவலில் இருக்கிறது. ஊழியரின் கிளை என்ற புலத்தை யார் மாற்ற முடியுமோ அவரிடம்தான் உண்மையான சாவி இருக்கிறது. தன் விவரப் பக்கத்தில் போன் எண்ணைத் திருத்துவதுபோலக் கிளையையும் ஊழியரே திருத்திக்கொள்ளலாம் என்று மென்பொருள் விட்டுவைத்திருந்தால், மேலே உள்ள விதி எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் பயனில்லை. மாறுவதற்கு முன் பண்புகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை மாற்றக் கூடியவர்களை எழுதுங்கள். எழுத முடியாத பண்பை விதியில் சேர்க்காதீர்கள். மாற்றல் ஆணை ஒன்றாம் தேதியிட்டது, பொறுப்பு ஒப்படைப்பு பத்தாம் தேதிவரை நடக்கும் என்றால், புலத்தை எந்த நாளில் மாற்றுவது என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் ஒன்றாம் தேதி காலையில் மதுரையின் பாதி பில்கள் ஆளில்லாமல் கிடக்கும்.

காலியான புலம் இன்னும் நுட்பமான ஆபத்து. பழைய பில்களை எக்செலிலிருந்து கொண்டுவந்தபோது பதிந்தவர் பெயர் வரவில்லை என்று வையுங்கள். நான்காம் வரி, அழுத்தியவரும் பதிந்தவரும் வேறா என்று கேட்கிறது. பல நிரல்மொழிகளில் காலியான ஒன்று எந்த ஆளோடும் சமமாகாது. எனவே 'வேறுதான்' என்று விடை வரும். தான் பதிந்த பழைய பில்லை மேலாளர் தாராளமாக அப்ரூவ் செய்யலாம், திரையில் எந்தப் பிழையும் தெரியாது. இரண்டாம் வரியில் இருபக்கமும் காலியாக இருந்தாலோ, காலியும் காலியும் சமம் என்று கதவு திறக்கலாம். விதி பயன்படுத்தும் எந்தப் பண்பு காலியாக இருந்தாலும் மறுத்துவிடு என்று ஒரு வரியை முதலிலேயே சேர்ப்பதுதான் மருந்து.

தணிக்கையாளர் வந்து, மதுரை பில்லை அப்ரூவ் செய்யக் கூடியவர்கள் யார் யார் என்று கேட்டால், ரோல் முறையில் ஒரு பட்டியலை அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். பண்பு முறையில் அப்படி ஒரு பட்டியல் எங்கும் எழுதி வைக்கப்பட்டிருக்காது. இருபத்தைந்து பேரையும் ஒவ்வொருவராக விதியில் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அதுவும் இன்றைய நிலவரத்துக்கு மட்டும். போன மார்ச்சில் ஒரு பில் யாருக்கு, ஏன் திறந்தது என்று கேட்டால், முடிவு எடுத்த கணத்தில் இருந்த பண்புகளை மென்பொருள் பதிவேட்டில் குறித்திருந்தால்தான் பதில் உண்டு. ஆம், இல்லை என்பதோடு ஆளின் கிளை, பில்லின் கிளை, தொகை, பதிந்தவர் எல்லாவற்றையும் சேர்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். "எனக்கு ஏன் திறக்கவில்லை, சார்?" என்று ஊழியர் போன் செய்யும்போதும் அந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

இந்தப் பம்ப் நிறுவனத்துக்கு நான் தேர்வது இதுதான். சம்பளப் பட்டியல், வங்கிக்குப் பணம் அனுப்பும் திரை இரண்டும் வெறும் ரோலோடு இருக்கட்டும். யாரிடம் சாவி என்பது ஒரு தாளில் தெரிய வேண்டிய இடங்கள் அவை. பில் பதிவும் அப்ரூவலும் மட்டும் கிளை, தொகை, பதிந்தவர் என்ற மூன்று பண்புகளோடு ஓடட்டும். நான்காவது பண்பை யாராவது கேட்டால் ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்பேன்.

விதியை இயக்கத்தில் விடுவதற்கு முன், மறுக்கப்பட வேண்டிய பில்களை வைத்து அதைச் சோதிப்பேன். திறக்க வேண்டியது திறக்காவிட்டால் யாராவது சொல்லிவிடுவார்கள். மூட வேண்டியது மூடாவிட்டால் சொல்ல ஆளில்லை. மதுரை மேலாளருக்குத் திருச்சி பில். மதுரை பில், ஆனால் 50,001 ரூபாய். மதுரை பில், 900 ரூபாய், பதிந்தவர் அவரே. மதுரை பில், பதிந்தவர் இடம் காலி. கிளையே குறிக்கப்படாத புது மேலாளருக்குக் கிளை குறிக்கப்படாத பில். ஐந்துக்கும் மறுப்பு வந்த பிறகுதான் 38,000 ரூபாய் லாரி வாடகையைத் திறந்து பார்ப்பேன்.