வசந்தத்தில் உழைத்த மணிகள் எங்கே போயின?

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு கார்டன் சென்டரில், அதாவது பூச்செடிகளும் தோட்டச் சாமான்களும் விற்கும் பெரிய கடையில், வேலை பார்க்கிறேன். வாரம் 40 மணி வீதம் ஆண்டுக்கு 2,080 மணி என்று ஒப்பந்தம். ஆண்டுக் கணக்கு மார்ச் 1-இல் தொடங்குகிறது. முதல் 16 வாரம் 48 மணி, அடுத்த 16 வாரம் 40 மணி, கடைசி 20 வாரம் 33.6 மணி என்று ரோட்டா போட்டிருக்கிறார்கள். வசந்தகாலத்தில் அத்தனை உழைத்தும் ஓவர்டைம் ஒரு காசு வரவில்லை. இப்போது அக்டோபரில் என் கணக்கில் 72 மணிதான் சேர்ந்திருக்கிறது என்கிறார் மேலாளர். இதே ரோட்டாவில் இருக்கும் தோழிக்கு 128. அவர் இன்னும் விடுப்பே எடுக்கவில்லை. நான் மே மாதத்தில் இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்தேன். ஆகஸ்டில் ஒரு வாரம் விடுப்பு எடுத்தேன். மிச்ச மணிகள் எங்கே போயின?

பதில்: எண்களை இவ்வளவு ஒழுங்காக எழுதி அனுப்பியதால், போன இடத்தையும் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஓவர்டைமைப் பார்ப்போம். வாரம் 40 மணியைத் தாண்டினால் தாண்டியதெல்லாம் ஓவர்டைம் என்பது பலரின் எண்ணம். வார ஒப்பந்தத்தில் பெரும்பாலும் அப்படித்தான். உங்களுடையது ஆண்டு மணி ஒப்பந்தம்: மணிகளை வாரத்துக்கு வாரம் எண்ணாமல் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து எண்ணுவது, சம்பளத்தை மட்டும் பன்னிரண்டு சம பங்காகக் கொடுப்பது. வசந்தத்தில் வாரம் 48 மணி உழைத்தபோதும் 40 மணிக்கான சம்பளமே வந்தது. குளிர்காலத்தில் 33.6 மணி உழைப்பீர்கள், அப்போதும் 40 மணிக்கே வரும். முன்னே கூடுதலாகக் கொடுத்தது 16 × 8 = 128 மணி; பின்னே குறைவாகக் கொடுக்கப்போவது 20 × 6.4 = 128 மணி. சரியாக நேராகிறது. அந்த 128 மணி, குளிர்காலத்தில் ஓய்வாகத் திரும்பி வரவேண்டிய நேரம். பணமாக வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

48 மணி வாரங்கள் சட்டத்துக்கு உட்பட்டவையா என்ற சந்தேகமும் உங்களுக்கு இருக்கலாம். பிரிட்டனின் 1998-ஆம் ஆண்டு வேலைநேர விதிகள் வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பை, பொதுவாக 17 வாரச் சராசரியாகவே பார்க்கின்றன. உங்கள் ரோட்டா அதற்குள் அடங்குகிறது.

இனி காணாமல் போன மணிகள். 128-இல் 72 போனால் 56. இதைத் தேட இரண்டு கணக்குகளைத் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பெரும்பாலான தகராறுகள் வருகின்றன. ஒன்று, சம்பளக் கணக்கு: இதுவரை சம்பளம் வாங்கிய மணிகளைவிட எத்தனை மணி கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள் என்பது. மற்றது ரோட்டாக் கணக்கு: போட்டுக் கொடுத்த மணிகளுக்கும் உங்கள் பெயரில் ஏறிய மணிகளுக்கும் உள்ள வித்தியாசம். கணினியில் வாரத்துக்கு ஒரு வரி போதும். B-யில் சம்பளம் வந்த மணி (எப்போதும் 40), C-யில் ரோட்டா மணி, D-யில் உழைத்த மணி, E-யில் விடுப்புக்கும் நோய்க்கும் வரவு வைத்த மணி. இரண்டாம் வரியில் இவற்றை எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
F2: =SUM(D$2:E2)-SUM(B$2:B2)
G2: =SUM(D$2:E2)-SUM(C$2:C2)
```

F சம்பளக் கணக்கு. அது ஆண்டுத் தொடக்கத்தில் ஏறும், கடைசியில் பூஜ்யத்துக்கு வரும். அதன் ஏற்ற இறக்கத்தைக் கண்டு பதற வேண்டியதில்லை. G ரோட்டாக் கணக்கு. போட்ட வேலையை எல்லாம் பார்த்தவருக்கு அது எப்போதும் பூஜ்யமாகவே நிற்கும். உங்கள் தோழிக்கு F 128, G பூஜ்யம். உங்களுக்கு F 72, G கழித்தல் 56. G எந்த வாரத்தில் சறுக்கியது என்று பார்த்தால் விடை அங்கேயே கிடைக்கும்.

ஆகஸ்ட் விடுப்பு வாரத்தில் 40 மணி சறுக்கியிருக்கும். பிரிட்டனில் சம்பளத்தோடு கூடிய விடுப்பு குறைந்தது 5.6 வாரம், உங்களுக்கு 224 மணி. சில ஒப்பந்தங்கள் இதை முன்கூட்டியே கழித்து, 1,856 மணி வேலை என்று எழுதும். அங்கே விடுப்புக்கு வரவு கிடையாது. உங்கள் ஒப்பந்தமோ 2,080 என்கிறது, அதாவது விடுப்பும் உள்ளே இருக்கிறது. ஆகவே விடுப்பு எடுத்த வாரத்தில் ரோட்டா மணியை வரவு வைத்தே ஆகவேண்டும். வைக்காவிட்டால் அந்த விடுப்பை நீங்கள் மறுபடி உழைத்துத் தீர்ப்பதாக ஆகும். இது வெறும் பதிவுப் பிழை, விவாதத்துக்கு இடமில்லை.

மிச்சம் 16 மணி, மே மாதக் காய்ச்சல். அந்த இரண்டு வாரமும் ரோட்டாவில் 48 மணி. அலுவலகம் சராசரியைப் பிடித்து 40 வீதம் 80 மணி வரவு வைத்திருக்கிறது. ரோட்டாப்படி 96 வைத்திருக்க வேண்டும். நோய்க்காலத்தில் எவ்வளவு சம்பளம் தருகிறார்கள் என்பது வேறு விஷயம், மணியை எப்படி வரவு வைக்கிறார்கள் என்பது வேறு விஷயம். இதற்கு ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். ரோட்டா மணி என்று எழுதியிருந்தால் 16-உம் உங்களுடையது. சராசரி என்று எழுதியிருந்தால் இப்போது இழப்புதான். ஆனால் டிசம்பரில் 33.6 மணி வாரத்தில் படுத்தாலும் 40 வரவு வைத்தாக வேண்டும். நோய் பரபரப்பான காலத்தில் வந்தால் சராசரி, ஓய்வான காலத்தில் வந்தால் ரோட்டா என்று மாற்றி மாற்றிப் பிடிப்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். எதுவுமே எழுதவில்லை என்றால் ரோட்டா மணியைக் கேளுங்கள். நோயாளி உழைத்துக் கடன் அடைக்கும் நிலை வராத ஒரே முறை அதுதான் என்பது என் கருத்து.

இந்த 56-ஐ விட்டுவிட்டால் என்ன ஆகும்? மேலாளர் தன் தாளை நம்பி, கடைசி 20 வாரத்தில் உங்களிடமிருந்து 672-க்குப் பதில் 728 மணி கேட்பார். வாரத்துக்கு 36.4 மணி. வழக்கமான 40-ஐவிடக் குறைவுதானே என்று தோன்றும், சம்பளச் சீட்டிலும் மாற்றம் இராது. வாரத்துக்கு 2.8 மணி சம்பளமில்லாமல் போவதைக் கண் பிடிக்காது.

உண்மையான கூடுதல் வேலை எப்போது தொடங்குகிறது என்பதும் இதிலிருந்து தெரியும். வேலை, விடுப்பு, நோய் எல்லாம் சேர்ந்து சரியான கணக்கில் 2,080-ஐத் தொடும் நாளை ஆண்டு முடிவதற்குள் எட்டிவிட்டால், அதற்குப் பிறகு உழைக்கும் ஒவ்வொரு மணியும் சம்பளத்துக்கு மேலானது. எந்த வீதத்தில் தருவார்கள் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அடிப்படை மணிகளைத் தாண்டி உழைத்ததற்குக் குறைந்தபட்சக் கூலியையாவது தரவேண்டும் என்பது சட்டம்.

நடுவில் வேலையை விடுவதானால் பார்க்கவேண்டியது F. ஜூனில், 16 வாரம் முடிந்தவுடன் கிளம்புபவர் 640 மணிக்குச் சம்பளம் வாங்கி 768 மணி கொடுத்திருப்பார். ஓய்வாகத் திரும்பி வரவேண்டிய அந்த 128, அன்று பணமாகத் தீர்க்கவேண்டிய பாக்கியாக மாறிவிடும். ஒப்பந்த ஆண்டு குளிர்காலத்தில் தொடங்கும் கடைகளில் இது தலைகீழ்: உழைக்கும் முன்பே சம்பளம் வாங்கியிருப்பீர்கள், கடைசிச் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதற்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சேரும்போதே படித்துவைப்பது நல்லது.

மேலாளரிடம் போகும்போது மே மாத இரண்டு வரிகளையும் ஆகஸ்ட் ஒரு வரியையும் மட்டும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். விடுப்பின் 40-ஐ முதலில் கேளுங்கள், அது அன்றே ஏறிவிடும். 16-க்கு ஒப்பந்தத்தின் நோய் விடுப்புப் பக்கத்தைச் சேர்த்து வையுங்கள். இரண்டும் ஏறிய பிறகு, இந்தக் குளிர்காலத்துக்கான ரோட்டாவைத் திருத்தி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.