‘யூ’ என்றால் நீங்களா, தாங்களா?

பெங்களூரில் தலைமை அலுவலகம், ஈரோட்டில் வாடிக்கையாளர், நடுவில் நீங்கள். இப்படி ஒரு வேலை இன்று பல பேருக்கு இருக்கிறது. மேலிருந்து வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் அரைகுறையாக ஒரு செய்தி வரும். அதை நல்ல தமிழில் வாடிக்கையாளருக்கு அனுப்பி வைப்பது உங்கள் பொறுப்பு. ஆங்கிலத்தில் ‘யூ’ என்ற ஒரே சொல் பேரனுக்கும் போகும், பெரியவருக்கும் போகும். தமிழில் அப்படி இல்லை. நீ, நீங்கள், தாங்கள் என்று மரியாதைக்கு ஒரு படி இருக்கிறது. எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை ஒவ்வொரு வினைமுற்றும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். வீட்டு மாடியில் சூரிய ஒளி மின்தகடு அமைத்துத் தரும் நிறுவனம். வாடிக்கையாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பெயர் எஸ். முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை காலை மேலாளரிடமிருந்து இந்தச் செய்தி வருகிறது:

“ஹாய் முருகேசன், ப்ளீஸ் சென்ட் இ.பி. பில் அண்ட் பாஸ்புக் ஏ.எஸ்.ஏ.பி. பில் இஸ் இன் யுவர் ஃபாதர்ஸ் நேம், ஸோ வீ கான்ட் அப்ளை அன்டில் நேம் டிரான்ஸ்ஃபர் இஸ் டன். வீ வில் ஹேவ் டு பே எ ஃபீ ஃபார் தட். அவர் கை வில் கம் டுமாரோ டு சீ த ரூஃப், பீ அட் ஹோம். இஃப் யூ டோன்ட் சென்ட் பை ஃப்ரைடே, ஸ்லாட் வில் கோ.”

இதை அவசரத்தில் தமிழாக்கினால் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: “தயவுசெய்து தாங்கள் இ.பி. பில், பாஸ்புக் உடனே அனுப்பவும். பில் உங்க அப்பா பேரில் இருப்பதால் நாங்கள் விண்ணப்பிக்க முடியாது. பெயர் மாற்றத்துக்கு நாம் கட்டணம் செலுத்த வேண்டும். நாளை எங்கள் ஆள் வருவான், வீட்டில் இருக்கவும். வெள்ளிக்குள் அனுப்பாவிட்டால் ஸ்லாட் போய்விடும்.”

சொல் எல்லாம் தமிழ்தான். ஆனால் முப்பது வருஷம் பள்ளி நடத்திய ஒருவர் இதைப் படித்தால் முகம் சுளிப்பார். ‘தாங்கள்’ என்று தொடங்கி அடுத்த வரியிலேயே ‘உங்க அப்பா’ என்று இறங்குகிறது. முதலில் கை கூப்பிவிட்டு, உடனே தோளில் தட்டுவது மாதிரி இருக்கிறது. எந்தப் படியும் தவறில்லை. ஒரே செய்திக்குள் படி மாறுவதுதான் தவறு.

அதனால் எழுதத் தொடங்கும் முன்பே படியை முடிவு செய்துவிடுங்கள். என் கணிப்பில், வாட்ஸ்அப் செய்திக்கு ‘நீங்கள்’ போதும். மரியாதைக்கு அதில் குறைவில்லை, படிக்கவும் இயல்பாக இருக்கும். நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில் கடிதமாகப் போனால் ‘தாங்கள்’ பொருத்தம். வினைமுற்று இரண்டுக்கும் ஒன்றுதான்: நீங்கள் அனுப்பினீர்கள், தாங்கள் அனுப்பினீர்கள். மாறுவது ‘உங்கள்’, ‘உங்களுக்கு’ என்பவை ‘தங்கள்’, ‘தங்களுக்கு’ ஆவது மட்டுமே.

‘தங்கள்’ என்பதில் ஒரு வம்பும் உண்டு. “அதிகாரிகள் தங்கள் ஆவணங்களைச் சரிபார்ப்பார்கள்” என்று எழுதினால் யாருடைய ஆவணம்? வாடிக்கையாளருடையதா, அதிகாரிகளின் சொந்த ஆவணமா? இலக்கணப்படி இரண்டும் சரி. இந்த மாதிரி இடத்தில் வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள்: “தாங்கள் அனுப்பிய ஆவணங்களை அதிகாரிகள் சரிபார்ப்பார்கள்.” குழப்பம் தீர்ந்தது.

அடுத்தது ‘ப்ளீஸ்’. ஆங்கிலத்தில் மரியாதையைச் சுமப்பது அந்தச் சொல். தமிழில் அதைச் சுமப்பது வினையின் வால். ‘தயவுசெய்து’ என்று முன்னால் போட்டுவிட்டு ‘அனுப்பவும்’ என்று முடித்தால், அது “தயவுசெய்து வரிசையில் நிற்கவும்” என்கிற சுவர் அறிவிப்பின் குரலாகிவிடும். ‘அனுப்பவும்’, ‘இருக்கவும்’ என்பவை யார் என்று தெரியாத பொதுமக்களுக்கான வடிவம். பேர் சொல்லி ஒருவருக்கு எழுதும்போது அதில் ஒரு விறைப்பு வந்துவிடுகிறது. ‘அனுப்புங்கள்’ என்றால் நேருக்கு நேர் பேசுவது போல இருக்கும். ‘அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்’ என்றால் அலுவலக மரியாதை. இதில் ‘தயவுசெய்து’ இல்லாமலேயே பணிவு வந்துவிட்டது, கவனித்தீர்களா? ஆனால் ஐந்து வரியில் ஐந்து ‘கேட்டுக்கொள்கிறோம்’ போட்டால் அதுவும் அலுத்துப்போகும். முக்கியமான வேண்டுகோளுக்கு ஒரு முறை போதும். மற்றவை ‘அனுப்புங்கள்’, ‘இயலுமா’ என்று போகலாம்.

மரியாதை வாடிக்கையாளரோடு நிற்பதில்லை. வாக்கியத்துக்குள் வருகிற மற்றவர்களுக்கும் அது வேண்டும். ‘உங்க அப்பா’ என்பது ‘உங்கள் தந்தையார்’ ஆக வேண்டும். அதேபோல் தாயார், துணைவியார். ‘அவர் கை’ என்று மேலாளர் செல்லமாகச் சொன்னதை ‘எங்கள் ஆள் வருவான்’ என்று எழுதினால், நாம் நம் சக ஊழியரை மட்டும் தாழ்த்தவில்லை. அவர் யார் வீட்டுக்குப் போகிறாரோ அவரையும் சேர்த்துத்தான். ‘எங்கள் தொழில்நுட்பப் பணியாளர் வருவார்’ என்பதே சரி. பெயரும் கைபேசி எண்ணும் சேர்த்துக் கொடுத்தால் கதவைத் திறப்பவருக்கும் நிம்மதி.

இந்த எடுத்துக்காட்டில் தந்தையார் உயிரோடு இருக்கிறாரா என்பது மேலாளரின் செய்தியில் இல்லை. பெயர் மாற்றத்துக்கு என்ன ஆவணம் கேட்பது என்பதே அதைப் பொறுத்துத்தான் அமையும். அதை எழுத்தில் கேட்பதைவிட ஒரு போன் போட்டு, “இணைப்பு அய்யா பேர்லயே இருக்குதுங்களா, அவங்க கையெழுத்துப் போட வசதிப்படுங்களா?” என்று கேட்டுவிடுவது நல்லது. காலமாகிவிட்டார் என்று தெரிந்தால் எழுத்தில் ‘காலமான உங்கள் தந்தையார்’ என்று எழுதலாம். ஆனால் ‘இறப்புச் சான்றிதழ்’ என்ற ஆவணப் பெயரை ‘காலமான சான்றிதழ்’ என்று மென்மையாக்க வேண்டாம். அலுவலகத்தில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவர் கேட்டு வாங்க வேண்டும். வாரிசுச் சான்றிதழும் அப்படியே.

இப்போது இந்தச் செய்தியிலேயே ஆபத்தான சொல்லுக்கு வருவோம். அது ‘வீ’. ஆங்கிலத்தில் ஒரே ‘வீ’தான். தமிழில் எதிரில் இருப்பவரையும் சேர்த்தால் ‘நாம்’, சேர்க்காவிட்டால் ‘நாங்கள்’. “நாம் கட்டணம் செலுத்த வேண்டும்” என்றால் ஆளுக்குப் பாதி என்று வாடிக்கையாளர் நினைக்கலாம். “நாங்கள் கட்டணம் செலுத்த வேண்டும்” என்றால் கம்பெனியே கட்டிவிடும் என்று நினைப்பார். பிறகு பணம் கேட்டால் ஏமாற்றுவதாகத் தோன்றும். அந்தத் தமிழ் வாக்கியம் அவர் கைபேசியில் அப்படியே இருக்கும், எடுத்துக் காட்டுவார். மேலாளர் மனதில் இருந்தது “கட்டணம் ஒன்று உண்டு” என்பது மட்டுமாக இருக்கலாம். இதை மொழிபெயர்ப்பவர் ஊகிக்கக் கூடாது. “ஃபீயை யார் கட்டுவது?” என்று மேலாளரிடம் திருப்பிக் கேட்டு, விடை வந்த பிறகுதான் தமிழில் எழுத வேண்டும். நம் எடுத்துக்காட்டில் வாடிக்கையாளர்தான் கட்ட வேண்டும் என்று பதில் வந்ததாகக் கொள்வோம்.

‘கான்ட் அப்ளை’ என்பதிலும் ஒரு நுணுக்கம். “நாங்கள் விண்ணப்பிக்க முடியாது” என்றால் ‘மாட்டோம் போங்கள்’ என்று மறுப்பதாகக் காதில் விழும். “எங்களால் விண்ணப்பிக்க இயலாது” என்றால் இயலாமை. “பெயர் மாற்றம் முடிந்த பிறகே விண்ணப்பிக்க இயலும்” என்றால் வழியும் சேர்ந்தே தெரிகிறது. நான் மூன்றாவதைத்தான் எடுப்பேன்.

கடைசி வரி எச்சரிக்கை. “அனுப்பாவிட்டால் போய்விடும்” என்பது மிரட்டல் போல ஒலிக்கிறது. அதற்காக எச்சரிக்கையையே விழுங்கிவிடக் கூடாது. அப்புறம் நாள் தள்ளிப்போனால் “நீங்க சொல்லவே இல்லையே” என்பார், அவர் சொல்வதும் நியாயம்தான். நல்ல விளைவை முதலில் சொல்லி, தாமதத்தின் விளைவைப் பின்னால் சொன்னால் போதும். ‘நாளை’, ‘வெள்ளிக்குள்’ என்பவற்றுக்குத் தேதியும் நேரமும் போடுங்கள். செவ்வாய் அனுப்பிய செய்தியைப் புதன்கிழமை காலை திறந்து பார்ப்பவருக்கு ‘நாளை’ என்பது வியாழக்கிழமை.

பெயரில் ஒரு சின்ன விஷயம். ‘எஸ்.’ என்பது பொதுவாகத் தந்தையின் பெயரின் முதலெழுத்து. தமிழில் அது ‘சு.’வா, ‘ச.’வா, ‘செ.’யா என்று ஆங்கில எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. மின் கட்டண அட்டையில் தந்தையார் பெயர் இருக்கிறதே, அதைப் பாருங்கள். சுப்பையா என்று இருந்தால் ‘சு. முருகேசன்’.

இத்தனையும் சேர்த்தால் செய்தி இப்படி அமையும்:

“மதிப்பிற்குரிய திரு. சு. முருகேசன் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் மின் கட்டண ரசீது, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகிய இரண்டின் படங்களையும் 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

மின் இணைப்பு உங்கள் தந்தையார் பெயரில் உள்ளது. அதை உங்கள் பெயருக்கு மாற்றிய பிறகே சூரிய ஒளி மின்தகடு அமைப்பதற்கு விண்ணப்பிக்க இயலும். பெயர் மாற்றக் கட்டணத்தை நீங்கள் செலுத்த வேண்டியிருக்கும். அதற்கான விண்ணப்பத்தை நிரப்ப நாங்கள் உதவுகிறோம்.

12ஆம் தேதி புதன்கிழமை காலை 10 மணிக்கு எங்கள் தொழில்நுட்பப் பணியாளர் மாடியைப் பார்வையிட வருவார். அந்த நேரம் உங்களுக்கு வசதிப்படுமா என்று தெரிவியுங்கள்.

ஆவணங்கள் வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால், உங்களுக்கு ஒதுக்கிய நாளிலேயே பணியைத் தொடங்கலாம். தாமதமானால் அந்த நாள் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டுவிடும்.”

‘உதவுகிறோம்’, ‘காலை 10 மணி’ போன்றவை மேலாளரின் செய்தியில் இல்லாதவை. அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகே சேர்க்க வேண்டும். மரியாதைக்காக வாக்குறுதியைக் கூட்டிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு.

அனுப்பும் முன் ஒரு முறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். ‘உங்க’வும் ‘தாங்க’ளும் கலந்திருந்தால் நாக்கு அங்கேயே தடுக்கும். அதன்பின் ‘நாம்’, ‘நாங்கள்’ எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் நின்று, பணமும் பொறுப்பும் யார் மேல் விழுகிறது என்று பாருங்கள்.

அவர் “சரிங்க தம்பி, நாளைக்கு அனுப்பறேன்” என்று பேச்சுத் தமிழிலேயே பதில் போடலாம். ‘தம்பி’ என்று அவர் அழைத்தார் என்பதற்காக நீங்கள் ‘சரிங்கண்ணா’ என்று இறங்க வேண்டியதில்லை. ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்பதை மட்டும் விட்டுவிட்டு, “நன்றி ஐயா. கிடைத்ததும் தெரிவிக்கிறேன்” என்று எழுதுங்கள்.