55 பக்கம், ஒரே பிடிஎஃப்

வீட்டுக் கடனுக்கான ஆவணங்கள் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக அனுப்பச் சொல்கிறது வங்கி. மேசையில் இருப்பவை இவை: ஒருபக்கம் அச்சான விண்ணப்பம் 8 தாள், ஆதார் அட்டை, பான் அட்டை, சம்பளச் சீட்டு 3 தாள், இருபக்கமும் அச்சான வங்கிக் கணக்கு அறிக்கை 14 தாள், இருபக்கமும் எழுத்துள்ள பழைய கிரயப் பத்திரம் 6 தாள், கையகல வீட்டு வரி ரசீது ஒன்று. வங்கி கேட்ட வரிசையும் இதுதான்.

ஃபீடரில் எல்லாவற்றையும் வைக்க முடியாது; அட்டையும் பத்திரமும் கண்ணாடிக்குத்தான் போக வேண்டும். பலரும் இங்கேதான் நான்கைந்து கோப்புகளாக ஸ்கேன் செய்துவிட்டு, பிறகு அவற்றை இணைக்க இணையத்தில் ஏதாவது ஒரு தளத்தைத் தேடுகிறார்கள். ஆதாரையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றுவது சரியல்ல. அதற்குத் தேவையும் இல்லை. ஒரு வேலையைத் திறந்து வைத்துக்கொண்டே ஃபீடருக்கும் கண்ணாடிக்கும் மாறி மாறிப் போகும் வசதி பெரும்பாலான அலுவலக இயந்திரங்களில் இருக்கிறது.

முதலில் எண்ணுங்கள்

தாள்களை அல்ல, பக்கங்களை எண்ண வேண்டும். விண்ணப்பம் 8, ஆதாரின் இரு பக்கம் 2, பான் 1, சம்பளச் சீட்டு 3, கணக்கு அறிக்கை 28, பத்திரம் 12, ரசீது 1. மொத்தம் 55. பத்திரத்தில் பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தின் முத்திரையும் பதிவுக் குறிப்பும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இந்த 55 என்ற எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவையுங்கள். கடைசியில் உங்களிடம் இருக்கப்போகும் உறுதியான சோதனை இது ஒன்றுதான்.

அடுத்தது பிரிப்பது. ஒரே அளவு, சாதாரணத் தடிமன், கிழிசலோ மடிப்போ இல்லாத தாள்கள் ஃபீடருக்கு. அட்டை, மெல்லிய ரசீது, ஓரம் நைந்த பழைய தாள், லேமினேட் செய்தது எல்லாம் கண்ணாடிக்கு. ஃபீடருக்குப் போகும் தாள்களில் ஸ்டேப்ளர் பின்னை எடுத்துவிட்டு, பின் இருந்த மூலையை விரலால் நீவி விடுங்கள். அந்த மூலையில்தான் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாக உள்ளே போகும். பதிவான பத்திரத்தில் மட்டும் பின்னையோ நூலையோ பிரிக்க வேண்டாம். அது கட்டியபடியே கண்ணாடியில் விரியட்டும்.

அமைப்பை ஆரம்பத்திலேயே முடிவு செய்யுங்கள்

எழுத்துகள் உள்ள ஆவணத்துக்கு 300 டிபிஐ போதும். 600 வைத்தால் புள்ளிகள் நான்கு மடங்காகும். படிப்பவருக்குக் கூடுதல் பயன் ஒன்றும் இல்லை. கவனமாக முடிவு செய்ய வேண்டியது நிறத்தைத்தான். 300 டிபிஐயில் ஓர் ஏ4 பக்கம், சுருக்குவதற்கு முன், வண்ணத்தில் சுமார் 26 எம்பி. சாம்பல் நிறத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு. கறுப்பு வெள்ளையில் ஒரு எம்பிக்குச் சற்று அதிகம். கறுப்பு வெள்ளை ஆசை காட்டும். ஆனால் அதில் ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை, நடுவில் ஒன்றுமில்லை. மங்கிய ஊதா முத்திரையும் வெளிறிய கையெழுத்தும் வெள்ளைப் பக்கம் சாய்ந்து காணாமல் போய்விடும். முத்திரையும் கையெழுத்தும் உள்ள இந்த மாதிரிக் கட்டுக்குக் குறைந்தது சாம்பல் நிறம் வேண்டும். வங்கி வண்ணம் கேட்டிருந்தால் வண்ணம்.

இயந்திரம் சுருக்கிய பிறகும் ஒரு வண்ணப் பக்கம் அரை எம்பி என்று வந்தாலே 55 பக்கம் 27 எம்பியைத் தாண்டும். ஜிமெயிலில் இணைப்புக்கான வரம்பு 25 எம்பி. அப்போது எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்க வேண்டாம். 200 டிபிஐக்கு இறங்குங்கள். புள்ளிகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்துவிடும், எழுத்தும் படிக்கும்படியே இருக்கும்.

கோப்பு வகையில் பிடிஎஃப் என்று தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. பக்கத்துக்கு ஒரு கோப்பா, எல்லாம் சேர்ந்து ஒரே கோப்பா என்று கேட்கும் இன்னொரு அமைப்பு பல இயந்திரங்களில் உண்டு. அது பக்கத்துக்கு ஒன்று என்று இருந்தால் 55 கோப்புகள் வந்து விழும்.

வேலையைத் திறந்து வையுங்கள்

ஜெராக்ஸ் கடைகளிலும் பெரிய அலுவலகங்களிலும் இருக்கும் ஏ3 இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்கேன் திரையில் இந்த வசதி ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வொரு பெயரில் இருக்கும்: கேனானில் `Job Build`, ஜெராக்ஸில் `Build Job`, கியோசெராவில் `Continuous Scan`, கோனிகா மினோல்டாவில் `Separate Scan`. முதல் தாளை வைக்கும் முன்பே இதை இயக்கிவிட வேண்டும். இயக்காவிட்டால், ஃபீடர் காலியானதும் இயந்திரம் வேலை முடிந்தது என்று கோப்பை மூடி அனுப்பிவிடும்.

இயக்கியபின் வரிசை இப்படிப் போகும்.

1. விண்ணப்பத்தின் 8 தாள் ஃபீடரில், ஒருபக்கம். முகம் மேலேயா கீழேயா என்பதை ஃபீடரில் பொறித்திருக்கும் படம் சொல்லும். திரையில் 8 பக்கம்.
2. ஃபீடர் காலியா என்று பார்த்துவிட்டு, கண்ணாடியில் ஆதாரின் முன்பக்கம், பின்பக்கம், பிறகு பான். ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை ஸ்டார்ட். மொத்தம் 11.
3. சம்பளச் சீட்டு 3 தாள் ஃபீடரில், ஒருபக்கம். மொத்தம் 14.
4. அமைப்பை இருபக்கம் என்று மாற்றி, கணக்கு அறிக்கையின் 14 தாள் ஃபீடரில். மொத்தம் 42.
5. கண்ணாடியில் பத்திரத்தின் 12 பக்கமும் ரசீதும். மொத்தம் 55. இப்போதுதான் முடித்தல் பொத்தான்.

இரண்டாம் படியில் ஃபீடரைப் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஃபீடரில் ஒரு தாள் இருந்தாலும் இயந்திரம் அதைத்தான் இழுக்கும். கண்ணாடியில் காத்திருக்கும் ஆதாரைத் திரும்பிப் பார்க்காது.

கண்ணாடியில் சிறிய அட்டையையோ ரசீதையோ வைக்கும்போது அளவைத் தானாகக் கண்டறியும்படி விடாதீர்கள். பெரிய இயந்திரங்களுக்குச் சிறிய தாளின் அளவு பெரும்பாலும் பிடிபடாது. ஏ4 என்று கையால் தேர்ந்தெடுங்கள். பத்திரத் தாள் ஏ4-ஐ விட நீளமாக இருந்தால் லீகல் என்று வையுங்கள். கட்டின் தடிமனால் மூடி முழுதாக இறங்காது, பக்க ஓரங்களில் கறுப்பு விழும். பக்கத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, மூடியைக் கையால் மெல்ல அழுத்திப் பிடித்தால் போதும்.

சில இயந்திரங்கள் வேலையின் நடுவில் ஒருபக்கம், இருபக்கம் என்று மாற்ற விடாது. அப்படியானால் தொடக்கத்திலிருந்தே இருபக்கம் என்று வைத்துவிட்டு, வெற்றுப் பக்கங்களைப் பிறகு கணினியில் நீக்குங்கள். வெற்றுப் பக்கத்தைத் தானே நீக்கும் வசதியை இந்தக் கட்டுக்கு நம்ப வேண்டாம். ஒரே ஒரு மங்கலான முத்திரை உள்ள பின்பக்கத்தையும் அது வெற்று என்று எண்ணித் தூக்கிவிடலாம். இன்னொன்று: திறந்து வைத்த வேலையை விட்டு நெடுநேரம் நகராதீர்கள். நேரம் கடந்தால் இயந்திரம் அதை ரத்து செய்துவிடலாம், அல்லது அதுவரை எடுத்ததை மட்டும் அனுப்பிவிடலாம்.

மேசை மேல் சிறிய இயந்திரம் என்றால்

சின்ன ஏ4 இயந்திரத்தில் இந்த வசதி இல்லாவிட்டால் கணினியிலிருந்து ஸ்கேன் செய்யுங்கள். NAPS2 என்ற இலவச மென்பொருள் இதற்கு ஏற்றது. ஒவ்வொரு முறையும் `Glass`, `Feeder`, `Duplex` என்று தாள் வரும் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். எடுத்த பக்கங்கள் ஒரே சாளரத்தில் வரிசையாகச் சேரும், இழுத்து இடம் மாற்றலாம், கடைசியில் ஒரே பிடிஎஃப் ஆகச் சேமிக்கலாம்.

ஃபீடர் ஒருபக்கம் மட்டுமே எடுக்கும் என்றால், சாளரம் காலியாக இருக்கும்போதே கணக்கு அறிக்கையை முதலில் முடித்துவிடுங்கள். 14 தாளின் முன்பக்கங்களும் 1, 3, 5 என்று 27 வரை வரும். வெளியே விழுந்த கட்டைக் கலைக்காமல், பின்பக்கத்தை எடுக்கும்படி மறுபடி வைத்தால் கடைசித் தாள் முதலில் போகும். 28, 26 என்று 2 வரை தலைகீழ் வரிசையில் வரும். அதை `Reorder` பட்டியலில் உள்ள `Alternate Interleave` ஒரே சொடுக்கில் 1 முதல் 28 வரை அடுக்கிவிடும். இந்தக் கட்டளை சாளரத்தில் உள்ள எல்லாப் பக்கத்தையும் கலந்து அடுக்கும் என்பதால்தான் கணக்கு அறிக்கையை முதலில் தனியாக முடிக்கச் சொல்கிறேன். பின்பக்கங்கள் தலைகீழாக வந்திருந்தால் அவற்றை மட்டும் தேர்ந்தெடுத்துத் திருப்புங்கள். மறுபடி ஸ்கேன் தேவையில்லை. மற்ற ஆவணங்களை அதன்பின் எடுத்து உரிய இடத்துக்கு நகர்த்துங்கள்.

சிறிய இயந்திரத்தால் முடியாதது பத்திரம். ஏ4 கண்ணாடியின் நீளம் சுமார் 297 மில்லிமீட்டர். லீகல் தாளின் நீளம் 356. கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர் வெளியே நிற்கும். சாட்சிகளின் கையெழுத்து போகக்கூடிய இடம் அது. பத்திரத்தை மட்டும் ஏ3 இயந்திரத்தில் பிடிஎஃப் ஆக எடுத்து வந்து, NAPS2-இல் `Import` செய்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோப்பைத் திறந்து பாருங்கள்

முதலில் மொத்தப் பக்கம். 55 வந்தால் நல்லது. 54 என்றால், ஒருபக்கத் தாள்கள் ஒட்டிப் போயிருக்கலாம், அல்லது கண்ணாடியில் ஒரு பக்கத்தைத் தாண்டியிருப்பீர்கள். 53 என்றால் முதலில் கணக்கு அறிக்கையைப் பாருங்கள். இருபக்க ஸ்கேனில் ஒரு தாள் ஒட்டிப் போனால் இரண்டு பக்கம் குறையும். அறிக்கையில் அச்சான பக்க எண்களைப் பார்த்தால் விடுபட்டது எது என்று உடனே தெரிந்துவிடும். தாள்களை விசிறி, ஓரத்தைத் தட்டிச் சமப்படுத்தி அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எடுங்கள்.

அடுத்து, பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை மெல்லிய நேர்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஃபீடரில் போன பக்கங்களில் எல்லாம் ஒரே இடத்தில் கோடு, கண்ணாடியில் எடுத்த பக்கங்களில் கோடு இல்லை என்றால் காரணம் ஒன்றுதான். மூடியைத் திறந்தால் பெரிய கண்ணாடிக்கு அருகில் ஒரு குறுகிய கண்ணாடிப் பட்டை தெரியும். ஃபீடரில் போகும் தாள் அதன் மேல்தான் நகரும். அதில் ஒட்டிய வைட்னர் துளியோ பசையோ ஒவ்வொரு தாளிலும் கோடாக நீளும். பெரிய கண்ணாடியை எவ்வளவு துடைத்தாலும் இது போகாது. இயந்திரத்தை அணைத்து, லேசாக ஈரமாக்கிய மென்துணியால் அந்தப் பட்டையைத் துடையுங்கள். மை எழுத்தின் மேல் கோடு விழுந்த பக்கங்களை மறுபடி எடுங்கள்.

கடைசியாக, பத்திரத்தின் 12 பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி அடி ஓரம்வரை பாருங்கள். மற்றவற்றைப் புரட்டினால் போதும்.

வங்கி கோப்பை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லும்வரை தாள்களை ஸ்கேன் செய்த வரிசையிலேயே வைத்திருங்கள். ஒரு பக்கம் தெளிவாக இல்லை என்று திருப்பிக் கேட்டால், அந்த ஒரு தாளை எடுத்து அதை மட்டும் மாற்றிவிடலாம். கலைத்துவிட்டால் 55 பக்கத்தையும் மறுபடி அடுக்க வேண்டியிருக்கும்.