வேலை வாய்ப்புச் சந்தையில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

பினாங்கு மாநிலத்தில் வேலை வாய்ப்புச் சந்தைகளுக்குக் குறைவில்லை. தீவுப் பகுதியில் ஸ்பைஸ் அரங்கிலும், பெருநிலப் பகுதியில் பிறை, செபராங் ஜெயா வட்டாரங்களிலும் அவை நடைபெறுகின்றன. சொக்சோ நிறுவனம் MYFutureJobs என்னும் தனது இணையச் சேவையின் வாயிலாக இத்தகைய சந்தைகளை ஏற்பாடு செய்து வருகின்றது. பெர்மாத்தாங் பாவில் உள்ள செபராங் பிறை பொலிதெக்னிக், நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளை அவர்களின் பெயரால் விளங்கும் தொழிற்பயிற்சிக் கழகம் போன்ற இடங்களில் பயிலும் மாணவர்களைத் தேடி நிறுவனங்கள் நேராக வளாகத்துக்கே வருவதும் உண்டு.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இச்சந்தைகளுக்குச் சென்று வருகின்றனர். காலையில் பேருந்து ஏறிச் சென்று, மாலையில் ஒரு பை நிறைய விளம்பரத் தாள்களும் இரண்டு இலவசப் பேனாக்களுமாகத் திரும்புகின்றனர். "எத்தனை இடத்தில் கேட்டாய்?" என்று தந்தை வினவினால், "இருபது இடத்தில் கேட்டேன்; எல்லாரும் இணையத்தில் விண்ணப்பிக்கச் சொன்னார்கள்" என்பதே பதில். இருபது மேசையிலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றேதான். "அடா கெர்ஜா கோசோங்?", அதாவது, "வேலை காலி இருக்கிறதா?" இக்கேள்விக்குக் கிடைக்கக்கூடிய விடையும் ஒன்றேதான்.

இதன் காரணத்தைப் பால்மரம் வெட்டுவோர் எளிதில் உணர்வர். வெட்டு வேலை கேட்டுத் தோட்டத்துக்கு இருவர் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர், "வேலை இருக்கிறதா?" என்கிறார். மற்றவர், "புதுப்பட்டை வெட்டா, மறுபட்டை வெட்டா? ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுகிறீர்களா?" என்கிறார். இரண்டாமவரின் கையில் உளி இருந்து பழகியிருக்கின்றது என்பதைக் கங்காணி அந்த நொடியே அறிந்துகொள்வார். நற்சான்றிதழ் எதனையும் அவர் காட்ட வேண்டியதில்லை. தொழிற்சாலை மேசையின் முன்னும் நடப்பது இதுவே.

மேசைக்கு அப்பால் நிற்பவரின் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். அவர் பெரும்பாலும் மனிதவளப் பிரிவைச் சேர்ந்தவர். காலை முதல் நின்றுகொண்டே நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே விடையைச் சொல்லிக் களைத்திருப்பார். ஒருவருக்கு அவர் ஒதுக்கக்கூடிய நேரம் இரண்டு மூன்று நிமிடங்களே. மாலையில் அவரிடம் சேர்ந்திருக்கும் சுயவிவரத் தாள்கள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். எவருடைய தாளின் ஓரத்தில் அவர் தம் பேனாவால் இரண்டு சொல் குறித்தாரோ, அந்தத் தாள் மட்டும் தனியே நிற்கும். முன்னதாக ஆயத்தம் செய்த கேள்வி ஒன்று செய்யக்கூடிய பணி, அந்த இரண்டு சொல்லை எழுத வைப்பதுதான். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்த்தல் கூடாது.

அத்தகைய கேள்வியை எவ்வாறு அமைப்பது? கலந்துகொள்ளும் நிறுவனங்களின் பட்டியல் பெரும்பாலும் சில நாள்களுக்கு முன்னரே வெளியாகிவிடும். அதிலிருந்து மூன்று நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தால் போதும். இருபது மேசைக்கு ஒரே கேள்வியைத் தூக்கிச் செல்வதைவிட, மூன்று மேசைக்கு மூன்று தனிக் கேள்விகள் பயன் தரும். ஒவ்வொரு நிறுவனமும் என்ன செய்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பிறையில் மட்டெல் நிறுவனம் பொம்மைக் கார்களைச் செய்கின்றது. பாயான் லெப்பாசில் 1972-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இன்டெல் நிறுவனம் கணினிச் சில்லுகளோடு தொடர்புடையது. முன்னர் தோட்ட நிலமாக இருந்த பத்து கவானில் இன்று போஸ்டன் சயன்டிஃபிக் மருத்துவக் கருவிகளைத் தயாரிக்கின்றது. பொம்மை ஆலையில் அச்சும் வார்ப்பும் முக்கியம். மருத்துவக் கருவி ஆலையில் ஒவ்வொரு செயலையும் பதிவு செய்து வைத்தல் முக்கியம். எனவே ஓரிடத்துக் கேள்வி மற்றோரிடத்துக்குப் பொருந்தாது.

அடுத்து, அந்நிறுவனம் தேடும் வேலை ஒன்றையும், தான் கையால் செய்து பார்த்த ஒன்றையும் இணைக்க வேண்டும். இதனை விளக்க ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அவர் தென் செபராங் பிறைத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவர். பொலிதெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளோமா படித்து முடிக்கும் நிலையில் இருக்கிறார். இறுதித் திட்டப்பணியாக, நகரும் பட்டையின் மேல் செல்லும் பெட்டிகளை ஒளி உணர்கருவி கொண்டு எண்ணும் சிறு இயந்திரத்தைச் செய்திருக்கிறார். காலையில் சரியாக எண்ணிய அவ்வியந்திரம் பிற்பகலில் தவறாக எண்ணியது. சன்னல் வழியே விழுந்த வெயில் உணர்கருவியைக் குழப்புகின்றது என்பதைக் கண்டறிந்து, அதற்கு ஓர் அட்டை மறைப்பைப் பொருத்திச் சரிசெய்தார்.

சில்லுகளைச் சோதிக்கும் நிறுவனம் ஒன்று சோதனைப் பிரிவுக்குத் தொழில்நுட்பர்களைத் தேடுகின்றது. மேசையின் முன் அவர் பேசியதைப் பாருங்கள்.

"செலாமாட் பாகி, புவான். நான் மின்பொறியியல் இறுதித் தவணையில் படிக்கிறேன். என் திட்டப்பணியில் வெயில் பட்டு உணர்கருவி தவறாக எண்ணியதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. உங்கள் ஆலையில் இரவு முறையில் சோதனை இயந்திரம் நின்றுவிட்டால், தொழில்நுட்பரே முதலில் பழுது தேடுவாரா, பொறியியலாளர் வரும்வரை காத்திருப்பாரா? புதிதாகச் சேர்பவர் எவ்வளவு காலத்துக்குப் பின் தனியாக அதைச் செய்ய அனுமதிக்கப்படுவார்?"

இதனைச் சொல்ல அரை நிமிடத்துக்கு மேல் ஆகாது. தாம் யார், தாம் செய்தது என்ன, தாம் அறிய விரும்புவது என்ன என்னும் மூன்றும் இதில் அடங்கியுள்ளன. தமது திறமையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பழுதைக் கண்டுபிடித்தவர் என்பதைக் கேள்வியே காட்டிவிடுகின்றது. மேலும், விளம்பரத் தாளிலோ இணையத்திலோ இதற்கு விடை இராது. விடை எதுவாயினும் அவருக்கு அது பயன்படும். தொழில் கற்றுக்கொள்ளும் இடமா, பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கும் இடமா என்பதை அதைக்கொண்டே அவர் அறியலாம்.

மனிதவளப் பிரிவினருக்கு இதன் விடை தெரியாமல் இருப்பது இயல்பே. "அது எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்லக்கூடும். பலர் அந்த இடத்தில் நன்றி கூறி நகர்ந்துவிடுகின்றனர். அதுதான் இழப்பு. அம்மாணவிக்கு ஆயத்தமாக இருந்த இரண்டாவது வாக்கியம் இது: "அந்தப் பிரிவைச் சேர்ந்தவர் எவரேனும் இன்று வந்திருக்கிறார்களா, புவான்? இல்லையென்றால் யாரிடம் கேட்கலாம்?" நிறுவனங்கள் பல சமயங்களில் பொறியியலாளர் ஒருவரையும் உடன் அழைத்து வருகின்றன. அவர் பக்கத்து நாற்காலியிலிருந்து திரும்பி, "அட்டை மறைப்பை எங்கே பொருத்தினீர்கள்?" என்று கேட்டுவிட்டால், அதன் பின் நடப்பது உண்மையான நேர்முகத்தின் தொடக்கமே. எதிர்க்கேள்வி வருதல், தாளில் குறிப்பெழுதுதல், பெயரும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தல் ஆகியவை கேள்வி பலித்ததற்கு அடையாளங்கள். கியூ.ஆர். குறியைச் சுட்டிக்காட்டிவிட்டு அடுத்தவரைப் பார்த்தால், அன்று அம்மேசையில் பலிக்கவில்லை என்று கொண்டு அடுத்த மேசைக்குச் செல்லலாம்.

ஆயத்தம் செய்த கேள்வியும் கெட்டுப்போவதுண்டு. மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு, விடையைக் காதில் வாங்காமல் அடுத்த கேள்விக்குத் தாவுவது முதற்குறை. மேசையின் மேலுள்ள பலகையிலேயே எழுதியிருப்பதைக் கேட்பது அடுத்தது. சம்பளத்தை முதற்கேள்வியாக வைப்பதும் வீணே. 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி எனச் சட்டத்தால் உயர்த்தப்பட்டுவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு என்பது நேர்முகத்தில் பேசப்படும். பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை: பிள்ளையுடன் செல்லுங்கள், ஆனால் மேசையிலிருந்து பத்தடி தள்ளி நில்லுங்கள். மகனிடம் கேட்ட கேள்விக்குத் தந்தை விடை சொல்லும் காட்சி நமக்குப் பாசமாகத் தோன்றலாம்; மேசைக்கு அப்பால் இருப்பவருக்கு வேறுவிதமாகத் தோன்றும்.

எஸ்.பி.எம். தேர்வோடு நின்றுவிட்ட இளைஞர்களுக்கும் இம்முறை உதவுமா என்று கேட்கலாம். உதவும், ஆயினும் கேள்வி வேறு. ஒப்பரேட்டர் வேலைக்கு ஆள் எடுக்கும் மேசைகளில் சில, ஆலைக்குச் சொந்தமானவை அல்ல. ஆலைக்கு ஆள் தரும் குத்தகையாளரின் மேசைகள். பலகையில் ஆலையின் பெயரே பெரிதாக இருக்கும். ஆகவே, "நியமனக் கடிதம் ஆலையின் பெயரில் வருமா, குத்தகையாளரின் பெயரில் வருமா?" என்பதே அங்கே முதலில் கேட்கத்தக்கது. குத்தகையாளரின் பெயரில் என்றால், "எவ்வளவு காலத்துக்குப் பின் ஆலையே நேரடியாக எடுத்துக்கொள்ளும்?" என்று தொடரலாம். நேரான விடை வந்தால் நன்று. மழுப்பலான விடையும் ஒரு விடையே. ஆலையின் சொந்த மேசையாக இருப்பின், மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். மூன்றாம் நிலையைப் பகுதிநேரமாகப் படித்து முடித்தால் ஒப்பரேட்டரிலிருந்து தொழில்நுட்பராக உயர வழியுண்டா என்று கேட்கலாம். எந்த மேசையிலாவது பதிவுக் கட்டணம் என்று பணம் கேட்டால், அங்கே கேள்வி எதுவும் தேவையில்லை, விலகிவிடுதலே முறை.

இவ்வளவும் முடிந்தபின் செய்ய வேண்டியது சிறிய வேலை. ஆனால் அதனைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகின்றனர். மேசையை விட்டு நகர்ந்தவுடன், மண்டபத்தின் ஓரத்தில் நின்றபடியே, பேசியவரின் பெயரையும் அவர் சொன்ன விடையையும் சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். மூன்றாவது மேசையில் பேசி முடிக்கும்போது முதல் மேசையில் கேட்டது மறந்திருக்கும். அன்றிரவே நான்கு வரியில் மின்னஞ்சல் ஒன்று அனுப்ப வேண்டும். சந்தித்த இடமும் நாளும், கேட்ட கேள்வி, அவர் சொன்ன விடை, இணையத்தில் விண்ணப்பித்துவிட்ட செய்தியும் அதன் எண்ணும் அதில் இருத்தல் வேண்டும். மேற்சொன்ன மாணவியாயின், "வெயில் பட்ட உணர்கருவியைப் பற்றிப் பேசியவள்" என்று தம்மைக் குறிப்பிட்டாலே போதும். தாளின் ஓரத்தில் எழுதிய இரண்டு சொல்லும் அம்மின்னஞ்சலும் ஒருவரே என்பது அங்கிருப்பவருக்கு விளங்கிவிடும். இரண்டு வாரத்தில் விடை வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.