ஒரே கோட்டை, இரண்டு விதிகள்: காப்பதா, மீட்பதா, மறுபடி கட்டுவதா?

மாணவர்களே, மலாக்காவுக்குச் சுற்றுலா போனவர்கள் எல்லாரும் ஏ ஃபமோசா வாசலில் நின்று படம் எடுத்திருப்பீர்கள். போன முறை நான் அழைத்துச் சென்ற மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், இவ்வளவு பேர் பார்க்க வருகிறார்கள். உடைந்த கோட்டையை முழுசாகக் கட்டி விட்டால் என்ன?" நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நான்கு சொற்கள் வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் பர்ரா என்ற ஊரில் 1979-இல் ஏற்கப்பட்ட பர்ரா சாசனம் இந்தச் சொற்களைத் தெளிவாகப் பிரிக்கிறது. கன்சர்வேஷன், அதாவது பேணுதல், என்பது பெரிய குடை. ஓர் இடத்தின் மதிப்பு குறையாமல் பார்த்துக்கொள்ளும் எல்லா வேலையும் அதற்குள் அடங்கும். மற்ற மூன்றும் அந்தக் குடையின் கீழ் வருபவை.

முதலில் பிரசர்வேஷன், உள்ளபடி காத்தல். இருக்கும் நிலையிலேயே வைத்து, சிதைவை மட்டும் மெதுவாக்குவது. மலாக்கா வாசல் இதற்கு நல்ல உதாரணம். போர்த்துகீசியர் 1511-இல் மலாக்காவைப் பிடித்த பிறகு கட்டிய கோட்டையை, ஆங்கிலேயர் 1807-இல் தகர்க்கத் தொடங்கினர். தப்பியது இந்த வாசல். அதன் முகப்பில் 1670 என்ற ஆண்டும் டச்சுக் கம்பெனியின் சின்னமும் இருக்கும். கட்டியவர் போர்த்துகீசியர், சின்னம் டச்சுக்காரருடையது! "அசல் நிலைக்குக் கொண்டுபோகிறேன்" என்று யாராவது சின்னத்தைச் செதுக்கி எடுத்தால் சரியா? சரியில்லை. 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், எல்லாக் காலத்தவரும் சேர்த்த மதிப்புள்ள பகுதிகளை மதிக்க வேண்டும் என்கிறது. டச்சுச் சின்னமும் இப்போது வரலாறுதான்.

உள்ளபடி காத்தல் என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்று நினைக்காதீர்கள். கடினமான அறிவியல் இங்கேதான் இருக்கிறது. பழைய சுவர்களில் கற்களையும் செங்கற்களையும் இணைத்தது சுண்ணாம்புச் சாந்து. அதில் நுண்துளைகள் உண்டு. மண்ணிலிருந்து நுண்புழை ஏற்றத்தால் மேலே வரும் ஈரம் அந்தத் துளைகள் வழியே ஆவியாகிவிடும். இதற்கு மேல் யாராவது சிமெண்டு பூசினால், அது அடர்த்தியானது. ஈரம் வெளியேறப் பாதை குறைந்துவிடும். எனவே அது பக்கத்திலுள்ள மென்மையான பழைய கல் வழியாக வெளியேறும். நீரோடு வந்த உப்பு அந்தக் கல்லின் துளைக்குள்ளேயே படிகமாகி வளர்ந்து உள்ளிருந்து தள்ளும். கல் பொடிப்பொடியாக உதிரும். சிமெண்டு ஒட்டு மட்டும் புதிதாக இருக்க, அதைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால் நோய் இதுதான். நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பு சுவரைத் தின்றுகொண்டிருக்கும்.

அடுத்து ரெஸ்டோரேஷன், மீட்டமைப்பு. நமக்குத் தெரிந்த முந்தைய நிலைக்குத் திருப்புவது. பின்னால் ஒட்டியதை அகற்றலாம்; விழுந்த பழைய பாகத்தை அதே இடத்தில் வைக்கலாம். புதுப் பொருள் சேர்க்கக் கூடாது என்பது பர்ராவின் வரையறை. ஒரு பழைய கடைவீட்டின் முகப்பை மறைத்த தகரத்தைக் கழற்றி, அடியிலிருந்த சுதை வேலைப்பாட்டை வெளியே கொண்டுவருவது மீட்டமைப்பு. ஊகம் தொடங்கும் இடத்தில் இந்த வேலை நிற்க வேண்டும் என்கிறது வெனிஸ் சாசனம்.

புதுப் பொருள் நுழைந்தால் பெயர் மாறுகிறது: ரீகன்ஸ்ட்ரக்‌ஷன், மறுகட்டுமானம். வாசலிலிருந்து சிறிது நடந்தால் மிடல்பர்க் கொத்தளத்தைப் பார்க்கலாம். 2006-இல் அங்கே ஒரு சுழல் கோபுரம் கட்டத் தோண்டியபோது கொத்தளத்தின் அடித்தளம் கிடைத்தது. கோபுரம் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டது. அடித்தளத்தின் மேல் சுவர்கள் புதிதாக எழுந்தன.

வெனிஸ் சாசனம் இதை விரும்பாது. அகழ்ந்தெடுத்த இடங்களில் சிதறிய பழைய பாகங்களை மீண்டும் பொருத்துவதை மட்டுமே அனுமதிக்கிறது. பர்ரா கொஞ்சம் இளகியது: முந்தைய நிலைக்குப் போதுமான சான்று இருந்தால் கட்டலாம், ஆனால் கூர்ந்து பார்ப்பவருக்குப் புதியது எது என்று தெரிய வேண்டும். என் கருத்து: அடித்தளம் சுவர் எங்கே நின்றது என்பதைக் காட்டும், எவ்வளவு உயரம் என்பதைக் காட்டாது. உயரத்துக்குப் பழைய வரைபடம், ஓவியம் போன்ற வேறு சான்று தேவை.

அந்த மாணவிக்கும் இதையே சொன்னேன். அவள் விடவில்லை: "அப்படியென்றால் வாசலுக்கு அந்தச் சான்று இருந்தால்?" வாசலின் கற்கள் 1807-ஐத் தாண்டி நின்றவை, அந்தக் காயமும் பார்க்க வேண்டியதுதான் என்றேன். அவள் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த முறை போகும்போது கொத்தளத்தின் சுவரைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். பழைய கல் எங்கே முடிந்து புதியது எங்கே தொடங்குகிறது என்று உங்களால் கண்டுபிடிக்க முடிகிறதா? குறிப்பேட்டில் வரைந்து வாருங்கள்.