9 லட்சம் கேட்கலாமா, வீட்டைக் காட்டலாமா?

கேள்வி: திண்டுக்கல்லில் வாடகைக் கொட்டகை ஒன்றில் ஆறு வருஷமாக இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். தினமும் 150 கிலோ போகிறது. பெரிய டில்டிங் கிரைண்டர் இரண்டும் சின்னதாக ஒரு குளிர் அறையும் போட ஆசை. இரண்டுக்கும் சேர்த்துக் கொட்டேஷன் 7 லட்சம். கடன் எதற்கு, எதிலிருந்து கட்டுவீர்கள், என்ன ஈடு தருவீர்கள் என்று ஒரு கடிதம் எழுதி மனுவோடு இணைக்கச் சொல்கிறார் மேலாளர். “வியாபார அபிவிருத்திக்காக 9 லட்சம் தேவை. என் கணவரின் மில் சம்பளத்திலும் சீட்டுப் பணத்திலும் கட்டிவிடுவோம். எங்கள் சொந்த வீட்டை ஈடாகத் தருகிறோம்” என்று எழுதி வைத்திருக்கிறேன். வீடு காலமான மாமனார் பெயரில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. பதிவு இல்லை. இந்தக் கடிதம் போதுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: இந்தக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள். உங்கள் தொழில் நல்ல தொழில். ஆனால் கடிதத்தின் மூன்று வாக்கியங்களும் அதற்கு எதிராகவே பேசுகின்றன. பல வங்கிகளில் கடனை முடிவு செய்வது நீங்கள் பார்த்துப் பேசிய மேலாளர் அல்ல. மனு வேறொரு அலுவலகத்துக்குப் போகும். அங்கே இருப்பவர் உங்களையும் பார்த்ததில்லை, உங்கள் மாவையும் பார்த்ததில்லை. அவர் கையில் இருப்பது காகிதம் மட்டும்தான்.

முதலில் தொகை. கொட்டேஷன் 7 லட்சம் இருக்கும்போது ஏன் 9 லட்சம் கேட்கிறீர்கள்? “எப்படியும் குறைத்துத்தான் தருவார்கள்” என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். கடிதத்தையும் கொட்டேஷனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அதிகாரிக்கு, மீதி 2 லட்சம் எங்கே போகும் என்ற சந்தேகம்தான் வரும். உங்களுக்கு உண்மையில் இரண்டு தேவைகள் இருக்கின்றன. மெஷினும் குளிர் அறையும் பல வருஷம் உழைப்பவை. அதற்குத் தவணைக் கடன். விலையில் கால் பங்கை, அதாவது 1,75,000 ரூபாயை, நீங்கள் போட்டால் கடன் 5,25,000. அந்தப் பணம் உங்கள் கைக்கு வராது, மெஷின் விற்பவருக்கு நேராகப் போகும். உளுந்தும் அரிசியும் மொத்தமாக வாங்கிப் போடப் பணம் வேண்டுமென்றால் அது நடைமுறை மூலதனம். அதை 1,50,000 ரூபாய் கேஷ் கிரெடிட் என்று தனியாகக் கேளுங்கள். ஆக மொத்தம் 6,75,000. இந்தத் தொகை முத்ரா கடன் வரம்புக்குள்ளேயே வந்துவிடுகிறது.

அடுத்து, எதிலிருந்து கட்டுவீர்கள் என்பது. கடிதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சம்பளத்தையும் சீட்டையும் முன்னால் வைத்தால், மாவு வியாபாரத்தில் தவணை கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். வியாபாரம் தன் கடனைத் தானே அடைக்கும் என்பதைத்தான் கணக்கில் காட்ட வேண்டும்.

நீங்கள் அனுப்பிய கணக்குப்படி கிலோ 40 ரூபாய் வீதம் மாதம் 1,80,000 ரூபாய்க்கு விற்கிறீர்கள். எல்லாச் செலவும் போக சுமார் 30,000 நிற்கிறது. அதில் வீட்டுச் செலவுக்கு 18,000 எடுக்கிறீர்கள். 5,25,000 ரூபாய்க்கு 11 சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்று வைத்தால் தவணை சுமார் 11,400. கேஷ் கிரெடிட் வட்டி சுமார் 1,400. இரண்டும் சேர்ந்து மாதம் 12,800. இப்போது மிஞ்சும் 12,000 அதற்கு எட்டவில்லை. ஆகவே கூடுதல் விற்பனை வேண்டும்.

தினமும் 80 கிலோ கூடினால், அரிசி, உளுந்து, கவர், பெட்ரோல் போகக் கிலோவுக்கு 12 ரூபாய் என்று மாதம் 28,800 வரும். புது ஆளுக்கு 12,000, குளிர் அறைக்குக் கரண்ட் 5,000 போனால் 11,800 கூடுதலாக நிற்கும். வீட்டுச் செலவு போக மொத்தம் 23,800. 12,800 ரூபாயை இது தாராளமாகத் தாங்கும். 80 கிலோ என்று நினைத்தது 40 கிலோவோடு நின்றுவிட்டால்? கையில் 9,400தான் இருக்கும், 3,400 இடிக்கும். உங்கள் கணவரின் சம்பளம் கடிதத்தில் வர வேண்டிய இடம் இதுதான். இந்தக் குறைவை மறைக்காமல் எழுதுங்கள். தன் கணக்கில் எங்கே இடிக்கும் என்று தெரிந்தவரை அதிகாரி நம்புவார்.

சொல்லும் விற்பனைக்கு ஆதாரமும் வேண்டும். சரக்கு விற்பனை வருஷத்துக்கு 40 லட்சத்தைத் தாண்டாததால் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதது குற்றமில்லை. ஆனால் 1,80,000 விற்பதாக எழுதிவிட்டு, வங்கிக் கணக்கில் மாதம் 90,000 மட்டும் வந்திருந்தால் அதிகாரி 90,000 ரூபாயைத்தான் எடுத்துக்கொள்வார். கடைக்காரர்கள் தரும் ரொக்கத்தை இன்றிலிருந்தே கணக்கில் போடுங்கள். கடைவாரியாகப் போட்ட மாவு, திரும்பி வந்த மாவு எழுதிய நோட்டின் நகலையும் ஒரு வருஷக் கரண்ட் பில்லையும் இணையுங்கள்.

கடைசியாக வீடு. பட்டாவும் பத்திரமும் மாமனார் பெயரில் இருக்கும்வரை அது உங்கள் கணவர் ஒருவருடைய வீடு அல்ல. மாமியார், கணவரின் உடன்பிறந்தவர்கள் என்று வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், வக்கீல் கருத்து என்று மனு மாதக்கணக்கில் அங்கேயே நிற்கும். அதைவிட முக்கியமானது, இந்தக் கடனுக்கு வீடே தேவையில்லை. குறு, சிறு நிறுவனங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்து ஈடு வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே வங்கிகளுக்கு உத்தரவிட்டிருக்கிறது. கடனில் வாங்கும் மெஷினும் சரக்கும் வங்கிக்குப் பிணையாக இருக்கும். அதற்கு மேல் கடன் உத்தரவாத அறக்கட்டளையின் பாதுகாப்பை வங்கி எடுத்துக்கொள்ளலாம், அதற்கு ஒரு கட்டணம் உண்டு. குறு நிறுவனம் என்பதற்கு உத்யம் பதிவு வேண்டும். இணையத்தில் செலவில்லாமல் எடுத்துவிடலாம்.

கடிதத்தின் உடல் இப்படி இருக்கட்டும்:

“ஆறு ஆண்டுகளாக இட்லி மாவு தயாரித்துக் கடைகளுக்கு விற்று வருகிறேன். டில்டிங் கிரைண்டர் இரண்டும் குளிர் அறையும் வாங்க ஆகும் 7,00,000 ரூபாயில் 1,75,000 ரூபாய் என் பங்கு. மீதி 5,25,000 ரூபாயைத் தவணைக் கடனாகவும், மூலப்பொருள் இருப்புக்கு 1,50,000 ரூபாயைக் கேஷ் கிரெடிட்டாகவும் வேண்டுகிறேன்.

தவணையைத் தொழில் வருமானத்திலிருந்து செலுத்துவேன். தினசரி விற்பனை 150 கிலோவிலிருந்து 230 கிலோவாகும்போது வீட்டுச் செலவு போக மாதம் 23,800 ரூபாய் மிஞ்சும். தவணையும் வட்டியும் சுமார் 12,800 ரூபாய். கூடுதல் விற்பனை பாதியளவே நடந்தால் ஏற்படும் 3,400 ரூபாய் குறைவை என் கணவர் தம் சம்பளத்திலிருந்து ஈடுசெய்வார். அவர் ஜாமீன் கையெழுத்திடுகிறார். மெஷின் பொருத்தி விற்பனை கூடும்வரை அசல் செலுத்த மூன்று மாத அவகாசம் கோருகிறேன்.

வாங்கும் மெஷின்கள், குளிர் அறை, சரக்கு இருப்பு ஆகியவற்றைப் பிணையாகத் தருகிறேன். 10 லட்சத்துக்கு உட்பட்ட கடன் என்பதால் சொத்து ஈடு இன்றிப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.”

ஒரு பக்கத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். குளிர் அறை வாடகைக் கொட்டகையில் வருவதால், கடன் முடியும் காலம்வரை செல்லும் வாடகை ஒப்பந்தத்தைக் கட்டட உரிமையாளரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். இதைக் கேட்டு மனுவைத் திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டுப் பத்திரம் கேட்டால், காரணத்தை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். மனுவையும் கடிதத்தையும் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், உங்கள் பிரதியில் தேதியுடன் கிளையின் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.