நகைச்சுவைக்கும் வயது உண்டு

"தோசையை நாலு துண்டாப் போடவா, எட்டாப் போடவா?" என்று அம்மா கேட்கிறார். "நாலு போதும்மா, எட்டு என்னால சாப்பிட முடியாது" என்கிறான் மகன்.

இந்தத் துணுக்கை ஒன்றாம் வகுப்பில் சொன்னால், "ஆமா, எட்டு நிறைய" என்று சில குழந்தைகள் தலையாட்டுவார்கள். இரண்டு, மூன்றாம் வகுப்பில் பலர் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எட்டாம் வகுப்பில் லேசான புன்னகைதான் கிடைக்கும். எத்தனை துண்டாக்கினாலும் தோசையின் அளவு மாறாது என்பது ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு இன்னும் உறுதிப்படவில்லை. மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அது அண்மையில்தான் பிடிபட்டது. எட்டாம் வகுப்பு மாணவருக்கோ அது பழகிப்போன செய்தி.

அமெரிக்க உளவியலாளர் பால் மெக்கீ இதே வகைத் துணுக்குகளைப் பல வயதினரிடம் சொல்லி ஆராய்ந்தார். ஒரு கருத்தைப் புதிதாகக் கற்றவர்களே, அது தலைகீழாகும்போது மிகுதியாக ரசிக்கிறார்கள் என்பது அவர் கண்ட முடிவு. 1979இல் வெளியான தம் நூலில் குழந்தைகளின் நகைச்சுவை வளர்ச்சியை அவர் நான்கு நிலைகளாக விளக்கினார்.

நான்கு நிலைகள்

முதல் நிலை, இரண்டாம் வயதில் தொடங்கும் செயல் வேடிக்கை. குழந்தை கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துத் தொப்பி என்னும். செருப்பைக் காதில் வைத்து "அலோ" சொல்லும்.

இரண்டாம் நிலை, பெயரை மாற்றிச் சொல்வது. நாயைப் பார்த்து "மாடு" என்று சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். சரியான பெயர் தெரிந்த பிறகே இது வேடிக்கை ஆகும். அதனால் படம் காட்டிப் பெயர் சொல்லித்தந்த அன்றே பெயரை மாற்றி விளையாடினால் குழப்பமே மிஞ்சும்.

மூன்றாம் நிலை ஏறத்தாழ மூன்று வயதில் வருகிறது. ஐந்து கால் மாடு, மரத்தில் காய்க்கும் இட்லி போன்றவை சிரிப்பூட்டும். "டிங்கிரி மங்கிரி" என்று பொருளற்ற ஒலிகளை அடுக்கி மகிழ்வதும் இப்போதுதான். அங்கன்வாடி, எல்.கே.ஜி. குழந்தைகளுக்கு இவையே ஏற்றவை.

நான்காம் நிலையில், ஏறத்தாழ ஏழு வயதில், ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருப்பது புரிகிறது. விடுகதையும் சிலேடையும் இங்கே தொடங்குகின்றன. இதற்குச் சற்று முன்புள்ள குழந்தை விடுகதையின் வடிவத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். "நாலு கால் இருக்கும், பால் தரும், அது என்ன? மாடு!" என்று சொல்லித் தானே சிரிக்கும். அதைத் திருத்த வேண்டியதில்லை. அடுத்த நிலைக்கான ஒத்திகை அது.

ஒரு துணுக்கைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஆசிரியர்: "ஆறு எங்கே ஓடுகிறது?" மாணவன்: "அது ஓடாது சார், ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் நிற்கும்."

இதைச் சொல்வதற்கு முந்தைய நாளே, "ஆறு என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது?" என்று வகுப்பில் கேளுங்கள். எண், நதி என்ற இரண்டும் வந்தால் துணுக்கு எடுபடும். ஒன்றுதான் வந்தால் மற்றதை முதலில் பாடத்தில் கற்பியுங்கள். சொல்லும் நேரத்திலேயே விளக்கினால் சிரிப்பு போய்விடும்.

மாலை, படி, ஆறு போல எழுத்து மாறாமல் இரு பொருள் தரும் சொற்கள் மூன்றாம் வகுப்புக்கே போதும். பலகை, பல கை எனப் பிரித்துப் பொருள் காணும் பிரிமொழிச் சிலேடைக்குச் சொல்லைப் பிரிக்கும் பயிற்சி வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் அது இயல்பாக அமையும். பத்தாம் வகுப்பின் 'இரட்டுற மொழிதல்' பாடத்துக்கு இவையே படிக்கட்டு.

சிரிப்பை நம்பலாமா?

எல்லோரும் சிரிப்பதால் சிரிக்கும் குழந்தைகள் எந்த வகுப்பிலும் உண்டு. அவர்களை அறிய, அந்தத் துணுக்கை அடுத்த நாள் நண்பனிடம் சொல்லச் சொல்லுங்கள். புரியாத குழந்தை, "நதி எங்கே ஓடுகிறது?" என்று கேட்டுவிட்டு, அதே பதிலைச் சொல்லும். துணுக்கைத் தாங்கி நிற்கும் சொல்லே மாறிப்போனதை அது உணராது.

சிரிக்காத குழந்தையை மந்தம் என்று முடிவுகட்டுவதும் தவறு. வீட்டில் தெலுங்கோ இந்தியோ பேசும் குழந்தைக்கு 'ஆறு' எண்ணாக மட்டுமே அறிமுகமாகியிருக்கலாம். அக்குழந்தைக்குத் தோசைத் துணுக்கைச் சொல்லிப் பாருங்கள். அதில் சொல் விளையாட்டு இல்லை. அதற்கும் சிரிக்கவில்லை என்றால், வட்டத் தாள் இரண்டை எடுத்து ஒன்றை நான்காகவும் மற்றொன்றை எட்டாகவும் வெட்டி, "எது அதிகம்?" என்று கேளுங்கள். "எட்டு" என்று பதில் வந்தால், பின்னம் தொடங்கும் முன் துண்டுகளை மீண்டும் வட்டமாக அடுக்கிப் பார்க்கும் செயல்பாடு தேவை.

கிண்டலில் இன்னும் கவனம் வேண்டும். கோணல் எழுத்தைப் பார்த்து "ஆகா, என்ன அழகு!" என்றால், தொடக்க வகுப்புக் குழந்தைகள் பலர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் சிரித்த பிறகுதான் அவமானம் புரியும். எழுத்தைத் திருத்த வேண்டுமானால் நேராகவே சொல்லிவிடலாம்.